வாட்ச் ஸ்ட்ரோக்கை எண்ணும், தூரத்தை ஊகிக்கும்

ரோயிங் மெஷின்ல அரை மணி நேரம் இழுத்துட்டு இறங்கினா மெஷின் மானிட்டர் 6667 மீட்டர்ங்குது, கையில இருக்கிற வாட்ச் 5.8 கிலோமீட்டர்ங்குது, ஸ்ட்ரோக் எண்ணிக்கைல மெஷின் 660, வாட்ச் 684. எது சரி? இதுல ரெண்டு வேற வேற பிரச்சனை கலந்து கிடக்கு, அதைப் பிரிச்சுப் பார்த்தாதான் எதை எங்க சரி பண்ணணும்னு தெரியும். நான் ரோயிங், எலிப்டிகல் ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்றவன், வாட்ச்ல எல்லாம் ஒழுங்கா பதியணும்னு ஒரு வியாதியும் உண்டு, அதனால இதுல கொஞ்சம் ஆழமாவே இறங்கிப் பார்த்திருக்கேன்.

முதல்ல ரோயிங். வாட்ச்சுக்குள்ள இருக்கிறது ஆக்சிலரோமீட்டர், அதாவது கை எப்படி அசையுதுன்னு பார்க்கிற சென்சார். ரோயிங்ல கை முன்னாடி போய் பின்னாடி வர்றது ரொம்பத் தெளிவான, திரும்பத் திரும்ப வர்ற அசைவு. அதனால நிமிஷத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக்னு வாட்ச் ஓரளவு நல்லாவே சொல்லிடும். ஆனா தூரம்? மெஷின் ஒரே இடத்துல நிக்குது, ஜிபிஎஸ்ஸுக்கு அங்க வேலையே இல்ல. சில வாட்ச் மெஷினோட இணைக்கலைன்னா தூரமே காட்டாது, அது நேர்மையான வழி. சில வாட்ச் ஸ்ட்ரோக்கை எண்ணி ஒரு ஸ்ட்ரோக்குக்கு இத்தனை மீட்டர்னு ஒரு கணக்குப் போட்டுக் காட்டிடும். மேல சொன்ன 5800ஐ 684ஆல வகுத்துப் பாருங்க, ஒரு ஸ்ட்ரோக்குக்கு 8.5 மீட்டர் வரும். மெஷின் கணக்குல 6667ஐ 660ஆல வகுத்தா 10.1 மீட்டர். வாட்ச் ஸ்ட்ரோக்கைக் கூட எண்ணியும் தூரம் குறைச்சலா காட்டுதுன்னா, அது ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போட்ட மீட்டர்தான் பொருந்தலைன்னு அர்த்தம்.

அந்த மீட்டர் ஏன் பொருந்தாதுங்கறதுதான் முக்கியமான விஷயம். கான்செப்ட்2 மெஷின் வேகத்துக்கும் பவருக்கும் வச்சிருக்கிற கணக்கு வெளிப்படையானது, 500 மீட்டருக்கு ஆகுற நேரத்தை 500ஆல வகுத்து ஒரு மீட்டருக்கு எத்தனை செகண்ட்னு எடுத்துக்கணும், அப்புறம் இதுதான்:

```
watts = 2.80 / (pace * pace * pace)
```

2:30 வேகத்துல போனா மீட்டருக்கு 0.30 செகண்ட், பவர் 104 வாட் பக்கம். 2:00 வேகத்துல போனா மீட்டருக்கு 0.24 செகண்ட், பவர் 203 வாட் பக்கம், கிட்டத்தட்ட இரட்டிப்பு. இப்ப இந்த ரெண்டு வேகத்துலயும் நிமிஷத்துக்கு 24 ஸ்ட்ரோக்தான் இழுக்கறீங்கன்னு வச்சுக்கோங்க, காலை எவ்வளவு பலமா உதைக்கறோம்ங்கறதுலதான் வித்தியாசம். அரை மணி நேரத்துல ஒண்ணு 6000 மீட்டர், இன்னொண்ணு 7500 மீட்டர். ஆனா மணிக்கட்டுக்குத் தெரியறது ரெண்டுலயும் அதே 24 தடவை முன்ன பின்ன போறதுதான். கால் கொடுக்கற விசை செயின் வழியா மெஷினுக்குள்ள சுத்தற ஃப்ளைவீல் சக்கரத்துக்குப் போகுது, மணிக்கட்டு வழியா அதை அளக்க வழியே இல்ல. வாட்ச் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினதா இருந்தாலும் இதுல ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, மெஷின் எப்படித் தூரத்தைக் கண்டுபிடிக்குது? காத்துல ஓடுற ஃப்ளைவீல் மெஷின்கள்ல இழுத்து முடிச்சுட்டுக் கைப்பிடியோட முன்னாடி போற நேரத்துல சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் குறையுதுன்னு மானிட்டர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குலயும் அளக்கும், அதுலேர்ந்து வர்ற எண்தான் டிராக் ஃபேக்டர். அதை வச்சுத்தான் நீங்க சக்கரத்துக்குக் கொடுத்த வேலையைக் கணக்கிட்டுத் தூரமா மாத்துது. அதனாலதான் காத்து உள்ள போற அளவை மாத்துற, பக்கவாட்டுல இருக்கிற டேம்பர் லீவரை 3ல வச்சாலும் 8ல வச்சாலும் தூரக் கணக்கு ஏமாறாது. தூசி அடைஞ்ச மெஷின்ல டேம்பர் 5, சுத்தமான மெஷின்ல டேம்பர் 5 ரெண்டும் இழுக்க வேற மாதிரி இருக்கும், ஆனா மானிட்டர் அதையும் சேர்த்துத்தான் அளக்குது. கான்செப்ட்2வோட பிஎம்5 மானிட்டர்ல More Options உள்ள போய் Display Drag Factor எடுத்துட்டு சில ஸ்ட்ரோக் இழுத்தா அந்த எண் வரும். வேற வேற மெஷின்ல உக்கார்றவங்க லீவர் எண்ணை நம்பாம இந்த எண்ணை ஒரே மாதிரி வச்சுக்கிட்டா இழுக்கற உணர்வு ஒரே மாதிரி இருக்கும்.

எல்லா மெஷினும் இப்படி இல்லங்கறதையும் சொல்லிடணும். காந்தத் தடை வச்ச சில வீட்டு மெஷின்கள்ல சக்கரத்துல ஒரு சின்னக் காந்தம், எதிர்ல ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். ஒரு சுத்துக்கு இத்தனை மீட்டர்னு கூட்டிக்கிட்டே போகும், தடையை ஏத்தினதோ இறக்கினதோ கணக்குல வராது. உங்க மெஷின் எந்த வகைன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை இருக்கு: தடையை 2ல வச்சு அஞ்சு நிமிஷம் நிமிஷத்துக்கு 22 ஸ்ட்ரோக் ஒரே சீரா இழுங்க, தூரத்தைக் குறிச்சுக்கோங்க, ஓய்வு எடுத்துட்டுத் தடையை 8ல வச்சு அதே 22ல அதே அஞ்சு நிமிஷம். ரெண்டாவது தடவை மூச்சு வாங்கி முதுகெல்லாம் வேர்த்தும் மீட்டர் அதேதான் இல்ல குறைச்சல்னா, அது வெறும் சுத்து எண்ணி. அந்த மெஷின்ல வர்ற கிலோமீட்டரை வேற மெஷினோட ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல, அதே மெஷின்ல அதே தடைல போன வாரத்தோட ஒப்பிட்டா மட்டும்தான் ஏதோ சொல்லும்.

ஆக ரோயிங்ல தூரம் மெஷின்லேர்ந்துதான் வாட்ச்சுக்கு வரணும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு புளூடூத்துல நேரா இணைக்கறது. உடற்பயிற்சி மெஷின்களுக்குன்னே புளூடூத்துல FTMSனு ஒரு பொது நெறிமுறை இருக்கு, அதுல ரோயிங் மெஷினுக்குத் தனியா ஸ்ட்ரோக் வேகம், ஸ்ட்ரோக் எண்ணிக்கை, தூரம், 500 மீட்டர் வேகம், பவர் எல்லாம் போகும். மெஷின் இதைப் பேசணும், வாட்ச்சும் இதைப் படிக்கணும், ரெண்டும் பொருந்தினா பாதி வேலை முடிஞ்சுது. சில வாட்ச், சில மெஷின் ANT+ங்கற இன்னொரு வயர்லெஸ் முறைலயும் பேசும். மெஷின் பட்டியல்லயே வரலைன்னா வாட்ச்சைத் திட்டறதுக்கு முன்னாடி போனைப் பாருங்க, பெரும்பாலும் போன்ல இருக்கிற ரோயிங் ஆப் ஏற்கனவே அந்த மெஷினோட ஒட்டிக்கிட்டு இருக்கும், புளூடூத்துல பல மெஷின்கள் ஒரு நேரத்துல ஒருத்தரோடதான் பேசும். ஆப்பை மூடினா மட்டும் போதாது, போன் புளூடூத்தையே ஒரு நிமிஷம் அணைச்சுட்டு வாட்ச்ல தேடினா வந்துடும்.

ரெண்டாவது வழி, இணைப்பு எதுவும் வேண்டாம், முடிச்சதும் மெஷின்ல பார்த்த தூரத்தை வாட்ச்லயோ போன்லயோ கையால மாத்திடறது. நிறைய பேருக்கு இதுவே போதும், எனக்கும் பாதி நாள் இதுதான். ஆனா இப்படி மாத்தினா மொத்தத் தூரம் மட்டும்தான் மாறும், உள்ள இருக்கிற வேக கிராஃபும் லேப் கணக்கும் பழைய ஊகத்துலயே நிக்கும். அதனால அப்புறம் கிராஃப்ல மொத்தத்துக்குப் பொருந்தாத வேகம் தெரிஞ்சா ஆச்சரியப்பட வேண்டாம்.

ப்ரொஃபைல் தேர்வு பண்றது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா கெடுக்கறதுல முதல் இடம் அதுக்குத்தான். வாட்ச்ல வெறும் ரோயிங்னு இருக்கிறது பெரும்பாலும் தண்ணில படகு ஓட்டறதுக்கு, அது ஜிபிஎஸ்ஸைத் தொறந்து வச்சுக்கும். கூரைக்கு அடியில ஜிபிஎஸ் அலைஞ்சு நீங்க உக்கார்ந்த இடத்தைச் சுத்தியே கிறுக்கல் கோடு போட்டு, அதையும் தூரம்னு சேர்த்துக்கும். முடிஞ்சப்புறம் மேப் வந்துச்சுன்னா நீங்க தப்பான ப்ரொஃபைல்ல ஓட்டியிருக்கீங்க. உள்ளரங்க ரோயிங்னு தனியா இருக்கும், அதை எடுங்க.

இப்ப அந்த 684க்கு வருவோம். கூடுதலா 24 ஸ்ட்ரோக் எங்கேர்ந்து வந்துச்சு? நான் ஒரு தடவை வாட்ச் திரையைப் பார்த்துக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சு பார்த்தேன். பாட்டில் எடுத்துத் தண்ணி குடிச்சா ஒண்ணு ஏறுது. டவலால முகம் துடைச்சா ரெண்டு மூணு ஏறுது, ஏன்னா துடைக்கறது முன்ன பின்ன போற அசைவுதானே. கால் பட்டையை இறுக்க குனிஞ்சு நிமிர்ந்தா ஒண்ணு. இழுத்து முடிக்கிற இடத்துல கைப்பிடியை நெஞ்சுல டக்குனு இடிக்கிற பழக்கம் இருந்தா சில ஸ்ட்ரோக் ரெண்டா விழுது. இது எல்லாத்துக்கும் மேல வாட்ச் பட்டை லூசா இருந்தா வாட்சே தனியா ஒரு குலுங்கு குலுங்கும். நான் பண்ற மாத்தம் சின்னது: மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேல தள்ளி, ஒரு ஓட்டை கூட இறுக்கிக் கட்டறேன், தண்ணி குடிக்கிறதா இருந்தா வாட்ச் இல்லாத கையால குடிக்கிறேன். எண்ணிக்கை மெஷினோட ரொம்பக் கிட்ட வந்துடுது.

சரியா இருக்கான்னு பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நிமிஷம் மனசுக்குள்ள எண்ணுங்க, கைப்பிடி முன்னாடி போய் இழுக்கத் தொடங்கற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. 22 வந்துச்சுன்னா வாட்ச்ல SPM, அதாவது நிமிஷத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக்ங்கற எண், 21லேர்ந்து 23க்குள்ள இருக்கணும். 44னு காட்டினா அது முன்னாடி போறதையும் பின்னாடி வர்றதையும் தனித்தனியா எண்ணுது. சீட்டுக்கு அடியில காந்தம் வச்சு எண்ற சில மெஷின்லயும் இதே கதை வரும், சீட் போறப்ப ஒண்ணு வர்றப்ப ஒண்ணு. ரோயிங்ல சாதாரண ஆளுங்க 18லேர்ந்து 30க்குள்ளதான் இருப்பாங்க, மூச்சு சீரா விட்டுக்கிட்டு 44 காட்டுதுன்னா சந்தேகமே வேண்டாம், அது இரட்டிப்பு.

இன்னொரு விஷயம், ரொம்பப் பேர் கவனிக்காதது, நேரம். மெஷின் மானிட்டர் முதல் இழுப்புலதான் ஓட ஆரம்பிக்கும். வாட்ச்ல நம்ம ஸ்டார்ட் அமுக்கிட்டு, கால் பட்டை கட்டி, கைப்பிடி எடுத்து, சட்டையைச் சரி பண்ணி ஆரம்பிப்போம், முடிச்சதும் ரெண்டு மூச்சு விட்டுட்டுத்தான் ஸ்டாப். அப்படி 40 செகண்ட் கூடினா என்ன ஆகும்னு பாருங்க. 6667 மீட்டரை 1800 செகண்ட்ல போனா 500க்கு 2:15. அதே தூரம் 1840 செகண்ட்ல போனதா பதிஞ்சா 2:18. தூரம் சரியா இணைஞ்சு வந்தும் சராசரி வேகம் மூணு செகண்ட் தள்ளிப்போச்சு. ரோயிங்ல மூணு செகண்ட் சின்ன விஷயம் இல்ல, ஒரு மாச உழைப்பு அதுக்குள்ள மறைஞ்சுடும். கைப்பிடியைக் கையில எடுத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் அமுக்கறது, முடிச்சதும் லேப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிட்டு அப்புறம் ஆற அமர நிறுத்தறது, இதுதான் நான் கண்ட சுலபமான வழி, அந்த லேப்பை மட்டும் பார்த்தா மெஷினோட பொருந்தும்.

நடுவுல ஓய்வு விட்டு 500 மீட்டர் 500 மீட்டரா இழுக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல். நீங்க கைப்பிடியை வச்சாலும் ஃப்ளைவீல் உடனே நிக்காது, ஓய்வுலயும் லேசா ரெண்டு இழுப்பு இழுத்தா மீட்டர் ஏறும். பிஎம்5 இந்த ஓய்வு மீட்டரைத் தனியா வச்சுக் காட்டும், வாட்ச் மொத்தத்துல சேர்த்துடலாம். நாலு 500 இழுத்துட்டு 2000க்குப் பதிலா 2100 சொச்சம் காட்டுச்சுன்னா யாரும் திருடலை, ஓய்வு மீட்டர் உள்ள வந்துருக்கு. வாட்ச்ல ஒவ்வொரு 500க்கும் லேப் அமுக்கினா ஓய்வு தனி லேப்பா விழுந்துடும், அப்புறம் படிக்க சுலபம்.

இனி எலிப்டிகல். இங்க நிலைமை வேற, ஏன்னா ரோயிங்ல அட்லீஸ்ட் மெஷின்கிட்ட ஒரு உருப்படியான தூரம் இருக்கு. எலிப்டிகல்ல மெஷின் சொல்ற தூரமே ஒரு ஒப்பந்தம்தான். கணக்குப் போட்டே பார்த்துடலாம். அரை மணி நேரம், நிமிஷத்துக்கு 130 காலடி, அப்போ மொத்தம் 3900 காலடி. மெஷின் 4.2 கிலோமீட்டர்னு காட்டினா ஒரு அடிக்கு 1.08 மீட்டர் வருது. ஆனா பெடல் முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும் போற நீளத்தை டேப் வச்சு அளந்தா பல மெஷின்ல அரை மீட்டர் பக்கம்தான் இருக்கும். மீதி எங்க போச்சு? எங்கயும் போகல, ஒரு சுத்துக்கு இத்தனை மீட்டர்னு தயாரிப்பாளர் ஒரு எண் வச்சிருக்காரு, பக்கத்து மெஷின்காரரு வேற எண் வச்சிருப்பாரு. ரெண்டும் பொய்யில்ல, ரெண்டும் உண்மையும் இல்ல. அதனால எலிப்டிகல்ல எந்தத் தூரம் சரின்னு தேடறதை நான் விட்டுட்டேன், ஒரே மாதிரி இருக்கான்னு மட்டும்தான் பார்க்கிறேன்.

அதுக்கு அடி எண்ணிக்கை சரியா வரணும், இங்கதான் மணிக்கட்டு கொஞ்சம் சொதப்பும். அசையுற நீளக் கைப்பிடியைப் பிடிச்சா கையும் காலோட சேர்ந்து ஆடுது, வாட்ச் எண்ணிடும். நடுவுல இருக்கிற நிலையான கைப்பிடியைப் பிடிச்சா கை அசையவே இல்ல, கேடன்ஸ், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கற எண், அப்படியே தரையில விழும், சில நேரம் சுத்தமா பூஜ்யம். கிராஃப்ல நடுவுல பள்ளம் பள்ளமா இருந்தா நீங்க அந்த நேரம் போன் பார்த்துக்கிட்டோ நிலையான பிடியைப் பிடிச்சுக்கிட்டோ இருந்திருப்பீங்க. அப்புறம் இரட்டிப்புக் குழப்பம் இங்கயும் உண்டு, இன்னும் மோசமா. மெஷின் 130ங்குது, வாட்ச் 65ங்குது, ரெண்டுமே சரியா இருக்கலாம், ஒண்ணு இடது வலது ரெண்டு அடியையும் எண்ணுது, இன்னொண்ணு முழுச் சுத்தை எண்ணுது. FTMSலயே எலிப்டிகலுக்கு நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கறது ஒரு இடம், மொத்த ஸ்ட்ரைட் எண்ணிக்கை இன்னொரு இடம், அதுல ஒரு ஸ்ட்ரைட்னா இடது ஒண்ணு வலது ஒண்ணு சேர்ந்த ஜோடி. ஒண்ணை இன்னொண்ணுன்னு நினைச்சுக் கணக்குப் போட்டா பாதியோ இரட்டிப்போ வந்து நிக்கும். வலது கால் கீழ வர்றதை மட்டும் ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க, 65 வந்தா சுத்து 65, அடி 130. உங்க வாட்ச் எதைக் காட்டுதுன்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஓட்டத்துக்குக் கட்டற ஃபுட் பாடைக் காலணில மாட்டிப் பார்த்தவங்க நிறைய பேர், அது தரையில கால் இறங்குற அதிர்வையும் காத்துல போற பாதையையும் வச்சுக் கணக்குப் போடறது, எலிப்டிகல்ல கால் பெடலை விட்டு எழும்பவே எழும்பாது, தூரம் ஏதோ ஒண்ணு வரும். டிரெட்மில் ப்ரொஃபைல்ல ஓட்டறதும் அதே வகைதான், அது உங்க நடை நீளத்தை வச்சுப் பெருக்கும், அதுக்கும் பெடலுக்கும் சம்பந்தமில்ல.

எனக்கு நல்லா வேலை செஞ்சது சைக்கிளுக்கு விக்கிற காந்தமில்லா கேடன்ஸ் சென்சார். அது சுத்தறதை உணர்ற சென்சார், அதனால மெஷின்ல முழுசா வட்டமா சுத்துற கிராங்க் கைலதான் கட்டணும். காலணில கட்டினா வேலைக்காகாது, பாதம் முன்ன பின்ன சாயுமே தவிர முழுச் சுத்து சுத்தாது. கிராங்க் வெளிய தெரியற மெஷின்ல ரப்பர் வளையத்தால கட்டி, பெடல் கையோட இடிக்குதான்னு கையால ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு ஏறுங்க. கைப்பிடியைப் பிடிச்சாலும் விட்டாலும் RPM அசையாம வரும். ஒரு தொல்லை என்னன்னா, எல்லா வாட்ச்சும் எலிப்டிகல் ப்ரொஃபைல்ல இந்த சென்சாரைச் சேர்த்துக்காது, அப்ப உள்ளரங்க சைக்கிள் ப்ரொஃபைல்ல பதிஞ்சுட்டு அப்புறம் வகையை எலிப்டிகல்னு மாத்திடலாம். பொது ஜிம்ல இதெல்லாம் கட்டிக்கிட்டு இருக்க முடியாது, மூடின மெஷின்ல கிராங்க்கே கண்ணுக்குத் தெரியாது, அங்க அசையுற கைப்பிடியை விடாம பிடிச்சுக்கறதுதான் வழி. ஆப்பிள் வாட்ச் இருந்து, மெஷின்ல ஆப்பிளோட ஜிம்கிட் இணைப்பு வசதி இருந்தா வாட்ச்சை மெஷின்கிட்ட காட்டி இணைச்சுடலாம், மெஷின் எண்ணே வாட்ச்சுக்கு வந்துடும்.

தூரத்துக்கு நான் பண்றது இதுதான்: ஒரு சுத்துக்கு 1 மீட்டர்னு எனக்கு நானே வச்சுக்கிட்டேன், அதாவது அடிக்கு அரை மீட்டர், பெடல் நீளத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துது. அந்த 3900 அடி 1950 மீட்டரா பதியும். மெஷின் சொன்ன 4.2ஓட பார்த்தா பரிதாபமா இருக்கும், ஆனா எந்த ஊர் எந்த மெஷின்ல ஏறினாலும் 1950, 1950ஆவே இருக்கும். தடை அளவை மட்டும் குறிப்புல எழுதிடணும், லெவல் 4ல 1950ம் லெவல் 10ல 1950ம் ஒண்ணு இல்லையே.

கேடன்ஸ் பத்திப் பேசறப்ப இதையும் ஒரு கண் பாருங்க, எலிப்டிகல்ல அடி 140, நாடித்துடிப்பும் 140னு ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு போகுதுன்னா வாட்ச் துடிப்பை விட்டுட்டு அசைவைப் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். அடியை வேணும்னே 120க்கு இறக்குங்க, துடிப்பும் அந்த நொடியே 120க்கு விழுந்தா அது உங்க இதயம் இல்ல. பட்டையை இறுக்குங்க, இல்லன்னா நெஞ்சுப் பட்டை போடுங்க.

கடைசியா, மெஷின் ஆப்பும் வாட்ச்சும் ரெண்டுமே தனித்தனியா ஒரே கணக்குக்கு அனுப்புற மாதிரி வச்சிருந்தீங்கன்னா ஒரே பயிற்சி ரெண்டு தடவை ஏறி வாரத் தூரம் இரட்டிப்பா நிக்கும். ரோயிங்னா மெஷின் ஆப்ல வந்ததை வச்சுக்கிட்டு வாட்ச்ல வந்ததை அழிக்கலாம்னு தோணும், ஆனா நாடித்துடிப்பு பல நேரம் வாட்ச் பதிவுல மட்டும்தான் இருக்கும், அழிக்கறதுக்கு முன்னாடி அதைத் தொறந்து பாருங்க. நான் ஆப் அனுப்புறதை நிறுத்திட்டு வாட்ச் பதிவுல தூரத்தைத் திருத்திக்கிறேன்.